ஒரு பிஸ்டல், இரண்டு இறுதிச்சுற்று

உட்காரச் சொன்னால் நிற்பாள். நிற்கச் சொன்னால் நடப்பாள். வீட்டில் தட்டை வைத்துக்கொண்டு நின்றபடியே சாப்பிட்டு முடிக்கிறவள் அவள். பதினெட்டு வருடம் பஸ் கண்டக்டர் வேலை பார்த்தால் கால் வேறு எப்படி இருக்கும்? முன் படிக்கட்டுக்கும் பின் படிக்கட்டுக்கும் நடுவே ஒரு நாளைக்கு நானூறு தடவை போய் வந்தவளைப் பிடித்து, அசையாமல் நின்று ஒரு பிஸ்டலை ஒற்றைக் கையில் நீட்டு என்று யார் சொன்னார்களோ தெரியாது. பதினொரு வருடமாக நீட்டிக்கொண்டுதான் இருக்கிறாள்.

“ஓடுற பஸ்ல விழாம நிக்கிறேன். ஓடாத தரையில நிக்கத்தான் வரல” என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். அது பாதி பொய். நிற்க வரும். பத்து மீட்டர் ஏர் பிஸ்டலில் அறுபது குண்டுக்கு ஐந்நூற்று அறுபதைத் தாண்டுகிறவளை நிற்கத் தெரியாதவள் என்று எவனாவது சொன்னால் அவன் துப்பாக்கியைக் கையால் தொட்டதில்லை என்று அர்த்தம்.

அவளுடைய வியாதி வேறு. அதற்காகவே துப்பாக்கி கிளப்பில் அவளுக்கு ‘ஓரம்’ என்று பெயர்.

தகுதிச்சுற்றில் பிஸ்டலுக்கு முழு எண்தான் கணக்கு. பத்து வளையத்தின் கோட்டைக் குண்டின் விளிம்பு தொட்டாலே போதும், பத்து. நட்டநடுவில் விழுந்தாலும் அதே பத்து. ஆனால் பத்துக்குள்ளே இன்னொரு சின்ன வட்டம் உண்டு. பத்து வளையம் ஒரு சட்டைப் பொத்தான் அளவு என்றால் இது ஒரு பட்டாணி அளவு. அதைத் தொட்டால் ‘இன்னர் டென்’. மொத்தத்தில் அதற்குக் கூடுதலாக ஒன்றும் கிடைக்காது, பக்கத்தில் ஒரு குறி விழும், அவ்வளவுதான். இரண்டு பேர் சமமாக வந்து நிற்கும்போதுதான் அந்தக் குறிக்கு உயிர் வரும். யாருக்கு இன்னர் டென் அதிகமோ அவர் மேலே.

கண்டக்டரின் பத்துகள் எல்லாம் பொத்தானின் விளிம்பைத்தான் தொடும். எட்டுப் பேர்தான் இறுதிச்சுற்றுக்குப் போக முடியும். மூன்று முறை அவள் எட்டாவது ஆளோடு சமமாக வந்திருக்கிறாள். மூன்று முறையும் இன்னர் டென் குறைந்து ஒன்பதாவதாக வெளியே நின்றிருக்கிறாள். “பஸ்ல ஏறுறவங்களை எல்லாம் உள்ள போங்க உள்ள போங்கன்னு கத்துறீங்க, உங்க குண்டை மட்டும் சொல்ல மாட்டேங்கறீங்களே” என்று கிளப்பில் கிண்டல் செய்வார்கள். கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு, பஸ் டெப்போவின் பாத்ரூமில் போய் அழுவாள்.

சொந்தத் துப்பாக்கி வாங்கும் அளவுக்கு வசதி இல்லை. அவளும் நாத்தனாரும் சேர்ந்து ஒன்று வாங்கினார்கள். நாத்தனார் என்றால் புருஷனின் தங்கை, வீட்டில் எல்லோருக்கும் ‘சின்னவள்’. முப்பத்துநாலு வயது. மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறாள். மாடியில் ஒரு அறையில் இருக்கிறாள், சாப்பாடு கீழே. அண்ணி போகிறாளே என்று நாலு வருடம் முன்னால் வேடிக்கை பார்க்க வந்தவள், அண்ணியை விட அழகாகச் சுட ஆரம்பித்துவிட்டாள். மொத்தம் வராது. நடுவில் ஒரு ஏழு, ஒரு எட்டு என்று கோட்டை விடுவாள். ஆனால் பத்து விழுந்தால் பட்டாணியில் விழும்.

ஒரு துப்பாக்கியை இரண்டு கைகள் பகிர்ந்துகொள்வதற்கு ஒரு ஒழுங்கு வேண்டும். குறிபார்க்கும் பின்பக்கத் தகட்டை ஏற்றி இறக்கும் திருகு கண்டக்டருக்கு ஒரு இடத்தில் இருக்க வேண்டும், சின்னவளுக்கு மூன்று கிளிக் கீழே. அதற்காகத் திருகின் தலையைச் சுற்றி நகப்பூச்சில் இரண்டு புள்ளிகள் வைத்திருந்தார்கள். சிவப்பு அண்ணிக்கு, வெள்ளை சின்னவளுக்கு. சுட்டு முடித்தவள், அடுத்துச் சுடப்போகிறவளின் புள்ளிக்குத் திருகைத் திருப்பி வைத்துவிட்டுத்தான் பெட்டியை மூட வேண்டும். நாலு வருடத்தில் ஒரு நாள்கூட இது தவறியதில்லை.

இன்னொரு ஒப்பந்தமும் இருந்தது. போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கும்போது சின்னவள்தான் கேட்டாள். “அண்ணி, ரெண்டு பேரும் ஃபைனல் வந்துட்டா என்ன பண்றது? துப்பாக்கி ஒண்ணுதானே?”

“வந்துட்டாலும்…” என்று சிரித்தாள் கண்டக்டர். பிறகு பெரிய மனுஷி மாதிரி அவளே சொன்னாள். “யாருக்கு இன்னர் அதிகமோ அவ சுடட்டும். ஃபைனல்ல புள்ளிக் கணக்குத்தானே. அங்க ஓரத்துப் பத்துக்கு மரியாதை கிடையாது.”

அவள் சொன்னது சரி. இறுதிச்சுற்றில் பழைய மொத்தத்தை எல்லாம் தூக்கி எறிந்துவிட்டு எல்லோரும் பூஜ்யத்திலிருந்து ஆரம்பிப்பார்கள். ஒவ்வொரு குண்டையும் பத்தில் ஒரு பங்கு வரை அளப்பார்கள். விளிம்பில் பட்டால் 10.0, நட்டநடுவென்றால் 10.9. காலைத் தகுதிச்சுற்றில் இரண்டும் ஒன்று, மதியம் இறுதிச்சுற்றில் இரண்டுக்கும் நடுவே ஒரு ஆறு ஓடும். இது தெரிந்துதான் சொன்னாள். நடக்காத விஷயத்துக்கு நியாயம் பேசுவதில் என்ன கஷ்டம்?

அது இன்றைக்கு நடந்து தொலைத்தது.

போட்டியின் தகுதிச்சுற்றில், காலை முதல் பிரிவில் கண்டக்டர் சுட்டாள். 564. இன்னர் டென் எட்டு. அந்தப் பிரிவில் நாலாவது இடம். இரண்டாவது பிரிவு முடிந்தால்தான் மொத்த வரிசை தெரியும். துப்பாக்கியைச் சின்னவளிடம் கொடுத்துவிட்டு வெளியே வந்தவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. இந்த இறுதிச்சுற்றில் முதல் மூன்று இடம் பிடிப்பவர்களை இரண்டு வருடத்துக்குப் பயிற்சி அணியில் எடுப்பார்கள். குண்டு, கோச், சுடுகிற லேன் எல்லாம் அவர்கள் பொறுப்பு. வேலையிலும் பாதி நாள் விடுப்பு கிடைக்கும். நாற்பத்து மூன்று வயதில் அவளுக்கு அணிகூடப் பெரிதில்லை. இறுதிச்சுற்றில் ஒரு தடவையாவது நிற்க வேண்டும். பெயர் சொல்லிக் கூப்பிட்டு, திரும்பி, பார்க்கிற ஜனங்களுக்குக் கையைத் தூக்க வேண்டும். அந்த ஆசை பதினொரு வருடமாக அவளைத் தின்றுகொண்டிருந்தது.

தண்ணீர்க் குழாய் வரை போனாள். வந்தாள். கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் நின்று சின்னவளின் முதுகைப் பார்த்தாள். மறுபடி போனாள். வாசலில் இருந்த காவலாளி, “ஏம்மா, ஒரு இடத்துல நில்லும்மா, எனக்குத் தலை சுத்துது” என்றார்.

ஐம்பது குண்டு முடிந்தபோது சின்னவள் 468. இன்னர் பன்னிரண்டு. கண்டக்டர் மேலே தொங்கிய திரையில் வரிசையைப் படித்தாள். மற்றவர்கள் ஏறக்குறைய முடித்துவிட்டார்கள். அவள் ஏழாவது, இறுதிச்சுற்று உறுதி. பதினொரு வருடத்துக்குப் பிறகு உள்ளே! எட்டாவது இடத்தில் தபால் ஆபீஸில் வேலை பார்க்கும் ஒரு பெண், 562, இன்னர் பன்னிரண்டு.

சின்னவள் இன்னும் பத்துக் குண்டு சுட வேண்டும். பத்து, ஒன்பது, பத்து, ஒன்பது. ஒரு எட்டு. ‘ஐயோ’ என்றது வாய். மனசு ‘அப்பாடா’ என்றது. கண்டக்டருக்குத் தன் காதிலேயே கேட்டது மாதிரி இருந்தது அந்த அப்பாடா. பத்து, ஒன்பது, பத்து, ஒன்பது. 552, இன்னர் பதினாலு. மிச்சம் ஒரே ஒரு குண்டு. பத்து விழுந்தால் 562. தபால் ஆபீஸ்காரியோடு சமம், ஆனால் இன்னரில் மேலே. சின்னவள் உள்ளே வந்துவிடுவாள். ஒன்பது விழுந்தால் வெளியே. வெளியே போனால் துப்பாக்கிப் பிரச்சினையே இல்லை.

‘ஒன்பது விழட்டும்.’

இதைக் கண்டக்டர் நினைத்தாள். கூடப் பிறக்காவிட்டாலும் கூடவே தின்று கூடவே தூங்கி வளர்ந்த பெண்ணுக்கு, காய்ச்சல் வந்தபோது தான் ராத்திரி முழுக்க விழித்திருந்த பெண்ணுக்கு, ஒன்பது விழட்டும் என்று நினைத்தாள். நினைத்த உடனே தன்னையே செருப்பால் அடிக்கலாம் போல இருந்தது. ஆனால் நினைப்பை வாபஸ் வாங்கவில்லை.

சின்னவள் ஒரு தடவை கையைத் தூக்கி, சுடாமல் இறக்கினாள். மறுபடி தூக்கினாள். சத்தம் வந்தது. திரையில் பத்து. பக்கத்தில் குறி. இன்னர்.

கண்டக்டர் கை தட்டினாள். பலமாகவே தட்டினாள்.

சின்னவள் வெளியே ஓடிவந்து கட்டிக்கொண்டாள். “அண்ணி! ரெண்டு பேருமே! ரெண்டு பேருமே!” என்று குதித்தாள். பிறகு நின்றாள். “அண்ணி, துப்பாக்கி…”

“இரு, கேப்போம். வழி இல்லாமலா போயிடும்?”

நடுவர் அம்மா ஒரு மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். முப்பது வருடம் இதே வேலை பார்க்கிறவர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கேட்டுக்கொண்டார். கேட்டுவிட்டு, “அட ராமா” என்றார்.

“கிளப் துப்பாக்கி ஒண்ணு ஸ்பேர் இருக்கேம்மா, அதை ஒருத்தர் எடுத்துக்கலாமா?” என்று கேட்டாள் கண்டக்டர்.

“தகுதிச்சுற்றுல எதுல சுட்டீங்களோ அதுலயேதான் ஃபைனலும் சுடணும். கெட்டுப்போனாத்தான் மாத்த விடுவோம். உங்க துப்பாக்கி கெட்டுப்போச்சா?”

கண்டக்டரும் சின்னவளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கெட்டுப்போச்சு என்று ஒருத்தி சொன்னால், கெட்டுப்போனதை வைத்து இன்னொருத்தி எப்படிச் சுடுவாள்?

“எட்டுப் பேரும் ஒரே நேரத்துல நிக்கிறாங்க. மாத்தி மாத்திக் குடுத்துக்கவும் முடியாது” என்றார் நடுவர் அம்மா. “ஒருத்தர் வரலேன்னா ‘ஆரம்பிக்கவில்லை’ன்னு எழுதி எட்டாவது இடம் போட்டுடுவோம். அரை மணி முன்னாடி இங்க வந்து ஆஜராகணும். யாருன்னு நீங்களே முடிவு பண்ணிக்குங்க. அது என் வேலை இல்ல.”

பின்னால் நின்ற தபால் ஆபீஸ்காரி கேட்டாள். “அப்ப ஒன்பதாவது ஆளைக் கூப்பிடுவீங்களா?”

“கூப்பிட மாட்டோம்மா.”

“என்னம்மா அநியாயம் இது! ஒரு இடத்தைக் காலியா விடுவாங்களாம், என்னை விட மாட்டாங்களாம்” என்று பொருமிக்கொண்டே போனாள் அவள். அந்த ஒன்பதாவது இடத்தின் கசப்பு கண்டக்டருக்குத் தெரியும். ஆனால் அதற்கு இரக்கப்பட இப்போது அவளுக்கு நேரமில்லை.

கம்ப்யூட்டர்காரர் கூப்பிட்டு இரண்டு தாள்களை நீட்டினார். “உங்க ரெண்டு பேரோட பிரிண்ட் அவுட்.” சின்னவள் அப்போது முகம் கழுவப் போயிருந்தாள். கண்டக்டர் இரண்டையும் வாங்கிக்கொண்டாள்.

முழு எண்ணில் கணக்குப் போட்டாலும் இயந்திரம் புள்ளிக் கணக்கையும் அச்சடித்து வைத்துவிடும். சண்டாள இயந்திரம். கீழே சின்ன எழுத்தில் இருந்தது. அவளுடையது, 564, புள்ளிக் கணக்கில் 585.3. சின்னவளுடையது, 562, புள்ளிக் கணக்கில் 590.1.

ஐந்து புள்ளிக்குக் கொஞ்சம் குறைவு. காலைக் கணக்கில் அவள் மேலே, மதியக் கணக்கில் சின்னவள் மேலே. இன்னர் எட்டு, பதினைந்து. வெங்காயம் உரித்துக்கொண்டு அவள் வாயாலேயே சொன்ன நியாயப்படி துப்பாக்கி யாருடையது என்பதில் ஒரு சந்தேகமும் இல்லை.

கண்டக்டர் இரண்டு தாளையும் நாலாக மடித்துக் கால்சட்டைப் பைக்குள் திணித்தாள்.

போன் அடித்தது. புருஷன். வாட்ச் கடையிலிருந்து. “என்னாச்சு? வந்தாச்சா?”

“ரெண்டு பேரும் வந்துட்டோம்.”

“அடி சக்கை! அப்ப ஒரு மெடலாவது வீட்டுக்கு உறுதின்னு சொல்லு! நான் கடையை மூடிட்டு வரட்டுமா?”

“வேணாம், வராதீங்க” என்று சொல்லிவிட்டுக் கட் செய்தாள். இன்னும் ஒரு சாட்சி எதற்கு?

படிக்கட்டில் ஏறினாள், இறங்கினாள். சின்னவள் கேட்டால் கொடுத்துவிடலாம். கேட்கட்டும். ஒப்பந்தத்தை அவள் வாயால் சொல்லட்டும். சொன்னால் கொடுக்காமல் இருக்க முடியுமா? இந்த மாதிரி மனசுக்குள்ளேயே வக்கீலும் ஜட்ஜும் ஆகிக்கொண்டு மூன்று மாடி ஏறி இறங்கினாள். அவளுக்குச் சின்னவளைத் தெரியும். கேட்கிற ரகம் இல்லை. கடைசி வடையைக்கூட அண்ணி தட்டுக்குத் தள்ளிவிட்டு, பிடிக்காது என்று சொல்கிற ரகம். அது தெரிந்துதான் கேட்கட்டும் என்று காத்திருந்தாள்.

கீழே வந்தபோது பெஞ்சில் பெட்டி இருந்தது. சின்னவள் பக்கத்தில் உட்கார்ந்து ஈரத் துணியால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“மணி ஆச்சு அண்ணி, ஆஜராகணும்” என்றாள்.

கண்டக்டர் பெட்டியைத் திறந்தாள். திருகின் தலை சிவப்புப் புள்ளியில் நின்றது.

சுட்டு முடித்தவள் அடுத்தவளின் புள்ளிக்குத் திருப்பி வைப்பது வழக்கம். அது வழக்கத்தின்படி திருப்பியதா, வேண்டுமென்றே திருப்பியதா? கண்டக்டர் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும். “சரி” என்றாள். “நீ?”

“நான் பின்னாடி உக்காந்து பாக்கறேன். நல்லாச் சுடுங்க.”

பெட்டியை எடுத்துக்கொண்டு நடந்தாள். வேகமாக நடந்தாள், யாரோ பின்னாலிருந்து பிடுங்க வருகிற மாதிரி.

ஏழு பேர் வரிசையில் நின்றார்கள். எட்டாவது லேன் காலி. பெயர் சொன்னார்கள். திரும்பினாள். கையைத் தூக்கினாள். பதினொரு வருடமாக ஒத்திகை பார்த்த கை அது. கூட்டத்தில் நாற்பது பேர்கூட இருக்க மாட்டார்கள். மூன்றாவது வரிசையில் சின்னவள் எழுந்து நின்று தட்டினாள். கண்டக்டர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள்.

முதலில் ஐந்து ஐந்தாக இரண்டு சுற்று, ஒவ்வொரு சுற்றுக்கும் இருநூற்று ஐம்பது வினாடி. பத்துக் குண்டுக்கு அவள் 95.2. ஏழு பேரில் ஆறாவது. அதன்பிறகு ஒவ்வொரு குண்டாக, கட்டளை வந்ததும் ஐம்பது வினாடிக்குள். பன்னிரண்டாவது குண்டு முடிந்ததும் கடைசியில் இருப்பவர் வெளியேற வேண்டும். இன்றைக்கு யாரும் வெளியேறவில்லை. “எட்டாவது இடம், ஆரம்பிக்கவில்லை” என்று ஒலிபெருக்கியில் சின்னவளின் பெயரை வாசித்தார்கள். கண்டக்டரின் உள்ளங்கை வியர்த்தது. கால்சட்டையில் துடைத்தபோது பைக்குள் இருந்த தாள் சரசரத்தது.

பதினாலாவது குண்டுக்குப் பிறகு ஒரு பள்ளிக்கூட டீச்சர் வெளியேறினாள். துப்பாக்கியைத் திறந்து, உள்ளே குண்டில்லை என்று காட்டும் கொடியைச் செருகி, மேஜையில் வைத்துவிட்டுப் பின்னால் போய் உட்கார்ந்தாள். பதினாறுக்கு இன்னொருத்தி. பதினெட்டுக்கு இன்னொருத்தி. கண்டக்டர் இன்னும் நின்றுகொண்டிருந்தாள்! நாலு பேர் மிச்சம். அவள் மூன்றாவது. 172.1. பக்கத்து லேனில் ஒரு வங்கிக்காரி, 171.7. இன்னும் இரண்டு குண்டு இப்படியே போனால் வங்கிக்காரி நாலாவதாகப் போய்விடுவாள், கண்டக்டர் அணியில் சேர்ந்துவிடுவாள்.

அந்த நிமிஷம் அவளுக்கு ஒரு வெறி வந்தது. ஜெயித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும். ஜெயித்துவிட்டால் அது திருட்டு இல்லை, தகுதி. ஜெயித்தபிறகு யார் தாளைப் பார்க்கப் போகிறார்கள்?

பத்தொன்பதாவது குண்டு. அவள் 9.7. வங்கிக்காரி 9.9. இன்னும் கண்டக்டர்தான் பத்தில் இரண்டு பங்கு முன்னால்.

இருபதாவது. “லோட்.” “ஸ்டார்ட்.” கையைத் தூக்கினாள். குழல்முனையின் முன்குறி கறுப்பு வட்டத்துக்குக் கீழே வந்து நின்றது. ஆடியது. நின்றது. இறக்கிவிட்டு மறுபடி தூக்கலாம், நேரம் இருந்தது, இருபத்தெட்டு வினாடி இருந்தது. ஆனால் பொறுக்க முடியவில்லை. அழுத்தினாள்.

திரையில் 10.0.

பத்து. காலையில் விழுந்திருந்தால் குறையே சொல்ல முடியாத பத்து. ஒரு கணம் அவளே பத்து என்று சந்தோஷப்பட்டுவிட்டாள், பழக்கதோஷம். பிறகு பக்கத்து லேனில் சத்தம் வந்தது. வங்கிக்காரி 10.3.

கண்டக்டர் 191.8. வங்கிக்காரி 191.9.

“நான்காவது இடம்” என்று அவள் பெயரைச் சொன்னார்கள். கொடியைச் செருகினாள். முதல் தடவை போகவில்லை, நடுவர் அம்மா பொறுமையாக நின்றார். கை தட்டினார்கள். யாரோ “நல்லா ஆடினீங்க” என்றார்கள். பத்தில் ஒரு பங்கு. அரிசியின் முனையைவிடச் சின்னது. அவளுக்குக் கத்த வேண்டும் போல இருந்தது.

சைக்கிள் நிறுத்தும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சிமெண்ட் திட்டு. சின்னவள் அங்கே காத்திருந்தாள். “ஒரு பங்குல போச்சே அண்ணி” என்றாள், கண் கலங்கி. “நாலாவது! சும்மாவா? அண்ணன் கேட்டா சந்தோஷப்படும்.”

கண்டக்டரால் அந்த ஆறுதலைத் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பாள். பைக்குள்ளிருந்து தாள்களை எடுத்து நீட்டினாள்.

“இந்தா. உன்னோடது.”

சின்னவள் பிரித்துப் பார்த்தாள். லென்ஸ் தேய்க்கிற கண், சின்ன எழுத்தைச் சட்டென்று பிடித்துவிடும்.

“590” என்றாள்.

“ஃபைனலுக்கு முன்னாடியே பாத்துட்டேன். மறைச்சு வச்சேன். உனக்கு இன்னர் பதினஞ்சு, எனக்கு எட்டு. நான்தான் சொன்னேன், இன்னர் அதிகம் இருக்கறவ சுடட்டும்னு. எனக்கு மறக்கல. நீ மறந்திருப்பேன்னு நினைச்சுக்கிட்டு எடுத்துட்டுப் போனேன்.” மூச்சு வாங்கியது. “நீ நின்னிருந்தா மூணுக்குள்ள வந்திருப்ப.”

“வந்திருப்பேனோ என்னவோ.”

“வந்திருப்ப. எனக்குத் தெரியும்.”

சின்னவள் தாளைத் திரும்ப மடித்தாள். அதே மடிப்பில், நாலாக. “எனக்கும் மறக்கல” என்றாள். “முகம் கழுவிட்டு வந்து திருகைத் திருப்பாம வெள்ளைலயேதான் விட்டேன் முதல்ல. நான்தானே சுடணும்னு. அப்புறம் நீங்க மாடிப்படி ஏறி இறங்கறதைப் பாத்தேன்.”

கண்டக்டர் பெட்டியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

“ஒண்ணு கேக்கறேன், உண்மையைச் சொல்லுங்க. நான் வாய் விட்டுக் கேட்டிருந்தா குடுத்திருப்பீங்களா?”

ஆமாம் என்று சொல்லலாம். நாத்தனாருக்குச் சொல்கிற பொய், ஒரு நல்ல பொய், சொன்னால் இரண்டு பேரும் சேர்ந்தே வீட்டுக்குப் போகலாம். கண்டக்டர் வாயைத் திறந்தாள்.

“மாட்டேன்” என்றாள்.

சின்னவள் தலையை ஆட்டினாள். அவளுக்கு ஆச்சரியமே இல்லை.

“தெரியும் அண்ணி. அதனாலதான் கேக்கல. கேட்டு, நீங்க மாட்டேன்னு சொல்லியிருந்தா, நான் நாளைக்கு எப்படிக் கீழ வந்து உங்க கையால சாப்பிடறது?”

சாலையில் பஸ் வந்து நின்றது. கண்டக்டரின் டெப்போ பஸ் இல்லை, வேறு ரூட். சின்னவள் தாளைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தாள். “நான் இதுல போறேன். நீங்க பெட்டியை எடுத்துக்கிட்டு மெதுவா வாங்க” என்று சொல்லிவிட்டு ஏறினாள். உள்ளே இருந்த கண்டக்டர் விசில் கொடுத்தான். பஸ் கிளம்பியது. சின்னவள் ஜன்னலோரம் இடம் கிடைத்து உட்கார்ந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.